அழைப்புக் கடிதத்தில் ஒரு கேள்வி: நேர்காணலை எல்லோருக்கும் எட்டச் செய்வது எப்படி

நான் ஆட்சேர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில், ஓர் இளைஞர் சக்கர நாற்காலியில் நேர்காணலுக்கு வந்தார். எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு. ஆனால் அன்று அந்தப் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டரில் விளக்குகளும் கணினிகளும் மட்டுமே ஓடின. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று காவலாளிகள் இருவர் முன்வந்தார்கள். அவர் வேண்டாம் என்றார். கடைசியில் வாகன நிறுத்துமிடத்தில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, 20 நிமிடத்தில் நேர்காணலை முடித்தோம். "தன்னம்பிக்கை போதவில்லை" என்று தேர்வுக்குழுவினர் குறிப்பு எழுதினார்கள். அந்த இடத்தில் உட்காரவைத்துக் கேட்டால் யாருக்குத்தான் பேச்சு வரும் என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மின்தடை அறிவிப்பு முதல் நாள் நாளிதழிலேயே வந்திருந்தது. அவர் சக்கர நாற்காலியில் வருவார் என்பதுதான் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னால் அழைப்பே ரத்தாகிவிடும் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

இந்தக் கட்டுரை, ஆட்சேர்ப்புப் பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக. செவி, பார்வை, நடமாட்டம் ஆகியவற்றில் தேவைகள் உள்ள ஒருவரை நேர்காணலுக்கு அழைக்கும்போது, கடிதம் அனுப்புவதிலிருந்து அவர் வந்து அமரும் அறை வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, நாங்கள் சென்ற ஆண்டு நடத்திய ஒரு தேர்வை வைத்தே சொல்கிறேன். கோயம்புத்தூரில் பம்பு உதிரி பாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு உதவியாளர் பணிக்கான தேர்வு அது. ஒன்பது பேரை அழைத்தோம். அவர்களில் மூவருக்குத் தனி ஏற்பாடுகள் தேவைப்பட்டன.

முதல் படி: எல்லோரிடமும் ஒரே கேள்வி

யாருக்கு என்ன தேவை என்பதை விண்ணப்பத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. ஊகிக்கவும் கூடாது. அதனால் ஒன்பது பேருக்கும் போகும் கடிதத்தில் ஒரே பத்தியைச் சேர்த்தோம். அதை அப்படியே தருகிறேன்:

"நேர்காணலில் நீங்கள் முழுமையாகப் பங்கேற்க ஏதேனும் ஏற்பாடு தேவையா? எடுத்துக்காட்டாக: சைகை மொழிபெயர்ப்பாளர், கேள்விகளை எழுத்தில் தருதல், திரைவாசிப்பான் உள்ள கணினி, பெரிய எழுத்து, எழுத்துத் தேர்வுக்குக் கூடுதல் நேரம், படிகள் இல்லாத பாதை, சக்கர நாற்காலிக்கு ஏற்ற கழிப்பறை, வாகனத்தை வாசலருகே நிறுத்த இடம். வேறு எதுவானாலும் எழுதுங்கள். மருத்துவச் சான்று தேவையில்லை. உங்கள் பதில் தேர்வுக்குழுவுக்குப் போகாது; ஏற்பாடுகளைக் கவனிப்பவர் மட்டுமே பார்ப்பார்."

இதில் உடலின் குறை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "உங்களுக்கு என்ன மாற்றுத்திறன், எத்தனை சதவீதம்?" என்று கேட்டால் வரும் பதிலை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. செவித்திறன் குறைவு 80 சதவீதம் என்று தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? அவர் சைகையில் பேசுபவரா, உதட்டசைவைப் பார்ப்பவரா, எழுதிக்காட்டினால் போதும் என்பவரா என்பது அதில் இல்லையே. எடுத்துக்காட்டுகளைப் பட்டியலிடுவதும் அவசியம். "ஏதேனும் உதவி தேவையா?" என்று வெறுமனே கேட்டால் பெரும்பாலானோர் "இல்லை" என்றே எழுதுவார்கள். எதையெல்லாம் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பதில் அனுப்ப ஒரே ஒரு கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, "அழைத்து உறுதிசெய்யவும்" என்று எழுதாதீர்கள். காது கேளாத ஒருவருக்கு அந்த வரியே கதவை மூடிவிடும். எங்கள் பழைய பதிவேடுகளில் "மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை" என்று குறித்து நீக்கப்பட்ட பெயர்கள் எத்தனையோ உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு அந்த மணியோசையே கேட்டிருக்காது என்று இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தொலைபேசி ஆகிய நான்கில் எதில் வேண்டுமானாலும் பதில் தரலாம் என்று எழுதுங்கள். பதிலைப் பெறுபவரின் பெயரையும் போடுங்கள்.

நேர்காணலுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு கடிதம் போக வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர்கள் நம் ஊர்களில் மிகக் குறைவு. இரண்டு நாள் அவகாசத்தில் கிடைக்கமாட்டார்கள்.

சட்டம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமையைப் பயன்படுத்தத் தேவையான மாற்றங்களை, அளவுக்கு மீறிய சுமையாகாத வரையில் செய்து தருவதைப் பற்றி அது பேசுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தனியார் நிறுவனமானால், அந்தக் கொள்கையில் என்னென்ன வசதிகள் உண்டு, யார் தொடர்பு அலுவலர் என்பதெல்லாம் இடம்பெற வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால், செலவுக்கு ஒப்புதல் கேட்கும்போது அதைக் காட்டலாம்.

இரண்டாம் படி: கடிதத்தை முதலில் கணினிக்குப் படித்துக் காட்டுங்கள்

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருளால் படிக்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது பேச்சாக மாற்றித் தரும். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் உள்ளடங்கியே வருகிறது. அது வாசிப்பது எழுத்தை மட்டுமே. எழுத்து இருக்கும் படத்தை எப்போதும் நம்பகமாக வாசிக்காது. கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து அனுப்பும் அழகான அழைப்புக் கடிதம் முழுவதும் அதற்கு ஒரே ஒரு படம்தான்.

தமிழில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் அலுவலகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. திரையில் பார்த்தால் "தமிழ்" என்று தெரியும். உள்ளே கணினி வைத்திருப்பதோ இது:

```
jkpo;
```

திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஒரு பக்கக் கடிதமும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக அவர் காதில் கொட்டும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. கடிதத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, பிரச்சினை இல்லை. ஆங்கிலக் குப்பையாக வந்தால் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். ஒரு வரியைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது படம். எங்கள் கடிதம் மூன்றாவது வகை. அதன்பிறகு கடிதத்தின் முழு வாசகத்தையும் மின்னஞ்சலின் உள்ளேயே எழுதி, கையெழுத்திட்ட பிரதியைத் தனியே இணைக்கத் தொடங்கினோம்.

வழியையும் சொற்களில் எழுதுங்கள். வரைபட இணைப்பு ஒன்றை ஒட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். "பஸ் நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடக்காமல் இடப்பக்கமாக ஏறத்தாழ 150 மீட்டர் வந்தால் இரும்பு வாயில். உள்ளே நுழைந்ததும் வலப்புறம் காவலர் அறை. முன்வாசலில் மூன்று படிகள்; படி இல்லாத வழி கட்டடத்தின் பின்புறம்." இப்படி எழுதினால் பார்வையற்றவருக்கும், ஊன்றுகோலில் வருபவருக்கும், ஊருக்குப் புதியவருக்கும் பயன்படும். மூன்று படிகள் இருப்பதை மறைக்காதீர்கள். நல்லதைவிட உள்ளதைச் சொல்வதே அவருக்கு உதவும்.

எங்கள் கேள்விக்கு மூன்று பதில்கள் வந்தன. முதலாமவர் காது கேளாதவர். இந்திய சைகை மொழியில் பேசுபவர். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். இரண்டாமவர் பார்வையற்றவர், தன் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவர அனுமதி கேட்டார். மூன்றாமவர் சக்கர நாற்காலியில் வருபவர். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருவதாகவும், நிறுத்த இடம் வேண்டும் என்றும் எழுதினார்.

காது கேளாதவருக்கு: கண்ணுக்கு ஒரே நேரத்தில் ஒரே வேலை

"அம்மாவை அழைத்து வரட்டுமே, அவர் சொல்லிவிடுவாரே" என்று எங்கள் கணக்குப் பிரிவு மேலாளர் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் 26 வயதுக்காரர் ஒருவர் தன் சம்பளத்தையும், பழைய வேலையை விட்ட காரணத்தையும் தாயின் வாய்வழியாகச் சொல்ல நேர்ந்தால் என்ன ஆகும்? வீட்டார் பதிலைத் திருத்துவார்கள், மெருகேற்றுவார்கள், சில சமயம் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளரை நிறுவனமே ஏற்பாடு செய்து, நிறுவனமே பணம் கொடுக்க வேண்டும். ஆளைத் தேட, காது கேளாதோர் சங்கங்கள், சிறப்புப் பள்ளிகள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஆகிய இடங்களில் கேளுங்கள். விண்ணப்பதாரரிடமும் கேளுங்கள், தனக்குப் புரியும்படி சைகை செய்பவர் யார் என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். சைகைகள் ஊருக்கு ஊர் மாறுவதால் இது பெரிய உதவி.

அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். தொடர்ந்து செய்தால் கைகளும் மனமும் களைத்துப் பிழைகள் நுழையும். எங்களுடையது 45 நிமிடம் என்பதால் ஒருவர் போதுமானதாக இருந்தது. மற்றவர்களுக்கு 30 நிமிடம் ஒதுக்கியிருந்தோம். மொழிபெயர்ப்பு எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஈடுகட்டவே இவருக்கு 45.

இரண்டு நாள் முன்பே மொழிபெயர்ப்பாளருக்குக் குழுவினரின் பெயர்களையும், பணியின் விவரத்தையும், அதில் புழங்கும் சொற்களையும் அனுப்பினோம். ஜிஎஸ்டி, பேரேடு, வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல், தேய்மானம் போன்றவை. சைகை தெரியாத சொல்லை அவர் விரலால் எழுத்தெழுத்தாகக் காட்ட வேண்டியிருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் இருவரும் ஒரு சைகையை ஒப்புக்கொள்வார்கள். அன்று அவர்கள் பத்து நிமிடம் முன்னதாக வந்து அதைத்தான் செய்தார்கள்.

இருக்கை அமைப்பில் நாங்கள் முதலில் தவறு செய்தோம். மொழிபெயர்ப்பாளரை விண்ணப்பதாரருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். அப்படியானால் அவர் கேள்வி கேட்பவரைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், சைகையைப் பார்க்க மறுபடி திருப்ப வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கேள்வி கேட்பவருக்குப் பக்கத்தில், விண்ணப்பதாரருக்கு எதிரே இருக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகமும் கைகளும் நிழலாகிவிடும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும்.

பேசும்போது விண்ணப்பதாரரைப் பார்த்துப் பேசுங்கள். "அவரிடம் அனுபவம் பற்றிக் கேளுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லாதீர்கள். "உங்கள் அனுபவம் பற்றிச் சொல்லுங்கள்" என்று அவரிடமே கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவரே பேசுங்கள். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எங்கள் மேலாளர் ஒரு விலைப்பட்டியலை மேசையில் வைத்து, அவர் அதைப் படிக்கத் தொடங்கியதுமே அதைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கினார். காது கேட்பவர் தாளைப் பார்த்துக்கொண்டே கேள்வியைக் கேட்பார். இவரால் அது முடியாது. கண் தாளில் இருந்தால் சைகை போய்விடும், சைகையைப் பார்த்தால் தாள் போய்விடும். தாளைக் கொடுங்கள், அவர் படித்து நிமிரும் வரை காத்திருங்கள், பிறகு கேளுங்கள். இந்த ஒன்றைத் தவறவிட்டால் அவர் மெதுவாகப் புரிந்துகொள்பவர் என்ற தோற்றம் ஏற்படும். நாங்கள் அவரிடம் உருவாக்கிய குறையை அவர் கணக்கில் எழுதிவிடுவோம்.

சைகை தெரியாத, காதொலிக் கருவி அணிந்தவர்களும் வருவார்கள். கருவி எல்லா ஒலியையும் பெருக்கும்; மின்விசிறி, ஏசி, வெளியே லாரி எல்லாம் சேர்ந்து வரும். அமைதியான அறையைக் கொடுங்கள், ஒன்றரை மீட்டருக்குள் உட்காருங்கள், கத்தாதீர்கள். உதட்டை மட்டும் நம்பவும் முடியாது. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "பணம்" என்றும் "மனம்" என்றும் சொல்லிப் பாருங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒன்றுபோலவே அசையும். கணக்கு வேலைக்கான நேர்காணலில் இது சின்ன விஷயம் இல்லை. புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் கேளுங்கள். எண்களையும் பெயர்களையும் எழுதிக் காட்டுங்கள்.

பார்வையற்றவருக்கு: தேர்வுத்தாளும் அறையும்

கணக்கு உதவியாளர் பணிக்கு ஒரு மணி நேர எழுத்துத் தேர்வு வைத்திருந்தோம். எக்செல் கோப்பு ஒன்றும், ஸ்கேன் செய்த ஐந்து விலைப்பட்டியல்களும் தேர்வுத்தாள். திரைவாசிப்பானோடு திறந்து பார்த்தபோதுதான் நாங்கள் என்ன செய்திருந்தோம் என்று தெரிந்தது. விலைப்பட்டியல்கள் படங்கள். எக்செல் கோப்பில் தலைப்புக்காகப் பல கட்டங்களை ஒன்றாக இணைத்திருந்தோம். அதில் நுழைந்தவர் எந்த நிரலில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் தடுமாறுவார். "சிவப்பு நிறத்தில் உள்ளவை நிலுவைத் தொகைகள்" என்று ஒரு கேள்வி. நிறத்தை அவர் எப்படி அறிவார்?

மாற்றியவை மிக எளியவை. விலைப்பட்டியல்களை எழுத்தாகத் தட்டச்சு செய்தோம். இணைத்த கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு நிரலுக்கும் முதல் வரிசையில் தலைப்பு வைத்தோம். நிலுவைக்குத் தனி நிரல் சேர்த்து "நிலுவை" என்று எழுதினோம். ஒன்பது பேருக்கும் அதே கோப்புதான். தேர்வு எளிதாகவில்லை, கணக்கு அதே கணக்கு.

நீங்களும் சோதித்துப் பார்க்க வழி உண்டு. என்விடிஏவை நிறுவுங்கள், மவுஸைக் கழற்றிவிடுங்கள், திரையை அணைத்துவிடுங்கள். விசைப்பலகையால் மட்டும் முதல் கேள்விக்குப் பதில் எழுத முயலுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லை என்பதால் திணறுவீர்கள், அது பரவாயில்லை. ஆனால் எங்கே குரல் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிடுகிறதோ, எங்கே விசைப்பலகையால் போகவே முடியவில்லையோ, அந்த இடங்கள் அவருக்கும் சுவர்கள்தான். இணையவழித் தேர்வுத் தளம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இழுத்து விடும் கேள்விகள், படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும் நுழைவுத் தடைகள், வேறு மென்பொருள் ஓடினால் தேர்வையே நிறுத்திவிடும் கண்காணிப்பு ஆகியவை திரைவாசிப்பானை வெளியே தள்ளிவிடும். பார்வை திரையில் இல்லை என்று கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கை எழுப்பியதற்காகப் பார்வையற்ற ஒருவரைச் சந்தேகிப்பது எவ்வளவு அநியாயம்.

அவர் சொந்த மடிக்கணினி கேட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. குரலின் வேகம், குறுக்குவிசைகள் எல்லாம் அவர் பழக்கத்துக்கு அமைத்தவை. அந்நியக் கணினியில் அவர் பாதி வேகத்தில்தான் செயல்பட முடியும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் வெளிக் கணினியை வலையமைப்பில் இணைக்க முடியாது, பென் டிரைவ் செருக முடியாது. இதை முதல் நாளே கணினிப் பிரிவிடம் சொல்லி, கோப்பைப் பெறவும் திரும்பத் தரவும் ஒரு வழி வாங்கி வைத்தோம்.

நேரம் எவ்வளவு கூட்டுவது? அரசுத் தேர்வுகளுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம் தரச் சொல்லியிருந்தன. தனியாருக்கு அது கட்டாயம் இல்லை. ஆனால் நல்ல அளவுகோல். எங்கள் 60 நிமிடத் தேர்வு அவருக்கு 80 நிமிடம். பார்வை குறைவாக உள்ள, ஆனால் ஓரளவு தெரியும் ஒருவராக இருந்திருந்தால் 18 புள்ளி அளவில் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளும், கண்கூசாத வெளிச்சமும் போதுமானதாக இருந்திருக்கும். சிலருக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும். அதனால்தான் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்கிறேன்.

அன்று வாசலில் வரவேற்றவர் தன் பெயரைச் சொல்லி, "என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். அதுதான் முறை. அவர் கையைப் பற்றி இழுப்பதும், முதுகில் கைவைத்துத் தள்ளுவதும் கூடாது. படி வரும்போது "மேலே ஏறும் படி" அல்லது "கீழே இறங்கும் படி" என்று சொல்ல வேண்டும். "பார்த்து வாங்க" என்றால் அவருக்கு எதுவும் தெரியாது. நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்துவிட்டால் தானே அமர்ந்துகொள்வார். அறையில் யார் யார், எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் தம் குரலிலேயே சொன்னோம். நடுவில் யாராவது வெளியே போனால் அதையும் சொல்ல வேண்டும். காலி நாற்காலியிடம் ஒருவரைப் பேசவைப்பது கொடுமை. காது கேளாதவரின் கண்ணுக்குச் சொன்னது இவர் காதுக்கும் பொருந்தும். திரைவாசிப்பான் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பேசாதீர்கள்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு: அளவு நாடாவோடு ஒரு நடை

எங்கள் அலுவலகத்தில் "சாய்தளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, பிரச்சினை இல்லை" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, வாயிலிலிருந்து அறை வரையும், அறையிலிருந்து கழிப்பறை வரையும் நடந்தேன். ஒரு மணி நேரம் ஆனது.

சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1 என்பதே பொதுவான அளவு. ஒரு சென்டிமீட்டர் உயர்வுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் வேண்டும். எங்கள் முன்வாசல் மூன்று படிகள், ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர், மொத்தம் 45. அப்படியானால் 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இருந்ததோ ஒன்றரை மீட்டர். மோட்டார் சைக்கிளை ஏற்றுவதற்காகப் போட்டது. அதில் தனியாக ஏற முயன்றால் நாற்காலி பின்னால் கவிழும். பலகை போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் சரக்கு இறக்கும் பின்வாசலைப் பார்த்தோம். அங்கே தரை சமமாக இருந்தது. பின்வாசலில் ஒருவரை வரவேற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் ஒன்பது பேரையும் அந்த வழியாகவே அழைப்பது என்று முதலில் முடிவு செய்தோம். வரவேற்பு மேசையையும் அங்கே நகர்த்தத் திட்டமிட்டோம்.

கதவு திறந்தபின் கிடைக்கும் வழி 90 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள காலியிடம் வேண்டும். நேர்காணல் அறை இதில் தேறியது, பெரிய மேசையைச் சற்று நகர்த்திய பிறகு. கழிப்பறைதான் தேறவில்லை. கதவு 60 சென்டிமீட்டர். சாதாரணச் சக்கர நாற்காலிகள் பலவும் அதைவிட அகலமானவை. பெரும்பாலான அலுவலகங்களில் இதுதான் நிலை. யாரும் அளந்து பார்ப்பதும் இல்லை. வருபவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து சமாளிப்பார் என்பதே நடைமுறையாக இருக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஒரு வாரத்தில் கழிப்பறையை இடித்துக் கட்ட முடியாது. அவருக்கு எழுதினேன்: "லிஃப்ட் உண்டு, அறை ஏற்றது, கழிப்பறைக் கதவு 60 சென்டிமீட்டர் மட்டுமே. இரண்டு தெரு தள்ளி உள்ள கூட்ட அரங்கில் ஏற்ற கழிப்பறை இருக்கிறது; நேர்காணலை அங்கே வைக்கலாம். அல்லது காணொளியில் வைக்கலாம். எது உங்களுக்கு வசதி?" அவர் அரங்கைத் தேர்ந்தெடுத்தார். மூவரின் ஏற்பாடுகளையும், எல்லோருடைய நேர்காணல்களையும் அங்கேயே மாற்றினோம். நான் அங்கும் போய் அளந்தேன். காணொளியை நீங்களாக முடிவு செய்து அவர்மீது சுமத்தாதீர்கள். வேலைக்கு வரப்போகும் இடத்தையும் மனிதர்களையும் நேரில் பார்க்கும் உரிமை அவருக்கும் உண்டு.

லிஃப்ட் விஷயத்தில் மூன்றைப் பாருங்கள். ஜெனரேட்டரில் ஓடுமா? அன்று அந்தப் பகுதியில் மின்தடை அறிவிப்பு உண்டா? பராமரிப்புக்கு யாராவது வருகிறார்களா? முடிந்தால் தரைத்தளத்திலேயே வைத்துவிடுங்கள். மூன்று கேள்விகளும் தீர்ந்துவிடும். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் சாதாரண ஸ்கூட்டரைவிட அகலமானது. அதன் பக்கத்தில் நாற்காலியை இறக்கவும் இடம் வேண்டும். கார் நிறுத்தும் ஒரு கட்டத்தை முழுதாக ஒதுக்கி, காவலரிடம் வண்டியின் எண்ணைக் கொடுத்துவைத்தோம். ஊன்றுகோலில் வருபவர் என்றால் தரையைக் கவனியுங்கள். துடைத்து ஈரமாக இருக்கும் கிரானைட் தரையில் ஊன்றுகோலின் ரப்பர் முனை வழுக்கும். அன்று காலை ஒன்பது மணிக்குள் துடைத்து உலரவிடச் சொன்னோம்.

நேர்காணல் நாள்

காவலர், வரவேற்பாளர், தேநீர் கொண்டுவருபவர் ஆகிய மூவரிடமும் காலையில் ஐந்து நிமிடம் பேசுங்கள். விண்ணப்பதாரர் முதலில் சந்திப்பது அவர்களைத்தான். சக்கர நாற்காலியை அவர் கேட்காமல் தொடக் கூடாது, பார்வையற்றவரை விட்டுவிட்டு உடன் வந்தவரிடம் பேசக் கூடாது, காது கேளாதவரை முதுகுக்குப் பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இவ்வளவு போதும்.

தேர்வுக்குழுவிடம் ஏற்பாடுகளை மட்டும் சொல்லுங்கள். "10 மணிக்கு வருபவருக்கு மொழிபெயர்ப்பாளர் இருப்பார், 45 நிமிடம்." அதற்கு மேல் வேண்டாம். எப்படி ஆயிற்று, பிறவியிலேயே இப்படியா, திருமணம் ஆகிவிட்டதா, தினமும் எப்படி வருவீர்கள் என்ற கேள்விகள் குழுவினர் வாயில் வந்துவிடும். கருணையோடுதான் கேட்பார்கள். ஆயினும் தடுங்கள். வேலைக்குத் தேவையானதை எல்லோரிடமும் கேட்பது போலவே கேட்கலாம்: "மாதக் கடைசியில் மாலை ஏழு வரை இருக்க வேண்டியிருக்கும், முடியுமா?" இதை ஒன்பது பேரிடமும் கேட்டோம்.

மதிப்பெண் தாளில் "தகவல் தொடர்பு" என்று ஒரு வரி இருந்தது. அதை முந்தைய நாளே எடுத்துவிட்டு, "கணக்கை விளக்கும் தெளிவு" என்று மாற்றினோம். முன்னது குரலையும் கண்ணைப் பார்த்துப் பேசுவதையும் அளக்கும். பின்னதைச் சைகையிலும் காட்டலாம், எழுத்திலும் காட்டலாம். காது கேளாதவர் வங்கிச் சரிக்கட்டுப் பட்டியலில் இருந்த 1,800 ரூபாய் வேறுபாட்டைக் கண்டுபிடித்து, அது எந்தக் காசோலையால் வந்தது என்று கைகளால் விளக்கினார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கும் முன்பே எங்கள் மேலாளருக்குப் பாதி புரிந்துவிட்டது.

முடிந்ததும் மூவருக்கும் அன்று மாலையே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன்: ஏற்பாடுகளில் எது சரியில்லை? பார்வையற்றவர், அரங்கின் லிஃப்டில் மாடி எண்ணைச் சொல்லும் குரல் இல்லை என்றும், பொத்தான்களில் பிரெயில் எண்கள் தேய்ந்துபோயிருக்கின்றன என்றும் எழுதினார். நான் அளவு நாடாவோடு அதே லிஃப்டில் இரண்டு முறை ஏறியிருந்தேன். அந்தப் பொத்தான்களை விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த தேர்வுக்கான என் பட்டியலில் அது முதல் வரியாக இருக்கிறது.